கல்லாகிப்போன திராட்சை

சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஓர் ஊர். மானாவாரி பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் அறுக்கிற ஊர். அங்கே அப்பா விளைவிக்கும் கம்பையும் சோளத்தையும் குதிரைவாலியையும் மிக்சர் ஆக்கி விற்கிறாள் ஒரு பெண். பெயர் போட வேண்டாம் என்றாள். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும்கா. ஆனா அச்சுல வந்தா அந்தக் கல்யாண வீட்டுக்காரங்களுக்குச் சங்கடமா இருக்கும்." அந்தக் கல்யாண வீட்டுக் கதையைத்தான் நான் கேட்கப் போயிருந்தேன்.

2023இல் நடந்தது. ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த வருஷம். கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் தினை லட்டும் கம்பு முறுக்கும் போடுவது கௌரவமாக ஆகிக்கொண்டிருந்த நேரம். அதுவரை அவள் வாரம் நாலைந்து கிலோ போட்டு, பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தாள். மதுரைக் குடும்பம் ஒன்று போன் செய்து முந்நூறு பை கேட்டது. பைக்கு 150 கிராம். மொத்தம் 45 கிலோ. பைக்கு ஐம்பது ரூபாய், ஆக 15,000. "கொஞ்சம் முந்திரி, திராட்சை போட்டுக் கிராண்டா இருக்கட்டும்மா" என்றும் சொன்னார்கள்.

அவளுடைய மிக்சரில் கம்பு சேவு பாதி. மீதியில் சோளப் பொரி, எண்ணெயில் பொரித்த சோள அவல், குதிரைவாலி மாவில் தட்டிய சின்னத் தட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை. கல்யாண ஆர்டருக்கு மட்டும் முந்திரியும், பைக்குப் பத்து கிராம் கணக்கில் உலர் திராட்சையும் சேர்ந்தன. கூட மூன்று பெண்களை வைத்துக்கொண்டு மூன்று நாளில் முடித்தாள். ருசி பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பே பைகள் மதுரை போய்ச் சேர்ந்தன.

கல்யாணம் முடிந்து ஆறாம் நாள் போன் வந்தது. பொரி சவசவவென்று இருக்கிறதாம். சேவில் சிக்கு வாடையாம். ஒருவர் இருவர் அல்ல, சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் மிஞ்சியிருந்த பைகளைத் திருப்பி அனுப்பினார்கள். இவள் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பொருள், கவர், கூலி எல்லாம் சேர்த்து அவளுக்கு ஆன செலவு 10,800 ரூபாய். கையில் நின்றது 7,500. மூன்று நாள் அடுப்படியில் வெந்ததற்கு 3,300 ரூபாய் நஷ்டம்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் "கவர் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மெல்லிய பாலித்தீன் கவரில் போட்டிருந்தாள். காற்றும் ஈரமும் அதில் மெல்ல மெல்ல உள்ளே போகும் என்பது உண்மைதான். அடுத்த முறை உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள கெட்டிக் கவர் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள். வாங்கியும்விட்டாள்.

ஆனால் திரும்பி வந்த பைகளை எறியவில்லை. அதுதான் அவளைக் காப்பாற்றியது. ஒரு பையைப் பிரித்து முறத்தில் கொட்டினாள். திண்ணையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றையும் தனித்தனிக் குவியலாகப் பிரித்தாள். சேவு ஒரு பக்கம், பொரி ஒரு பக்கம், கறிவேப்பிலை, திராட்சை என்று. எதற்காக என்று கேட்டேன். "மொத்தமா வாயில போட்டா எல்லாம் கெட்ட மாதிரிதான் தெரியுது. எது கெட்டுச்சுன்னு தெரியணும்ல?"

பொரி நமுத்திருந்தது. கடித்தால் சத்தமே இல்லை. கறிவேப்பிலையைக் கசக்கினால் நொறுங்கவில்லை, தோல்போல மடிந்தது. சேவு பொரி அளவுக்கு நமுக்கவில்லை, ஆனால் நாக்கில் ஒரு கசப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டு, உடனே துப்பினார். "என்னடி இது, எலந்தக்கொட்ட மாதிரி இருக்கு! இருக்கிற நாலு பல்லும் போயிரும்."

போடும்போது மெத்தென்று இருந்த திராட்சை கல்லாகியிருக்கிறது. மொறுமொறுவென்று இருந்த பொரி மெத்தென்று ஆகியிருக்கிறது. அப்படியானால் ஈரம் வெளியிலிருந்து வந்ததல்ல, பைக்குள்ளேயே கைமாறியிருக்கிறது.

உலர் திராட்சை என்று பெயர்தானே தவிர, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் இருக்கும். பொரித்ததிலும் பொரியிலும் இரண்டு மூன்று பங்குக்கு மேல் இருக்காது. இரண்டையும் ஒரே பையில் அடைத்தால், காய்ந்து கிடப்பது ஈரமாக இருப்பதிடம் தண்ணீரை வாங்கிக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒரு நிதானத்துக்கு வரும்வரை. பத்து கிராம் திராட்சையில் ஒன்றரை கிராம் தண்ணீர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் காற்று மாதிரி எடையில்லாத பொரி அதில் பாதியைக் குடித்தாலே தொய்ந்துவிடும். கவர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு பத்திரமாக இது உள்ளேயே நடக்கும். கடைகளில் விற்கும் மிக்சரிலும் திராட்சை வருகிறதே என்று கேட்கலாம். அதைப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் எண்ணெயில் போட்டு உப்பவைத்து, ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிவிட்ட திராட்சையாக இருக்கும். இவள் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தூவியிருந்தாள்.

கறிவேப்பிலையும் கூட்டுக் களவாணி. மூன்றாம் நாள் அவசரத்தில், நிறம் மாறியதும் எண்ணெயிலிருந்து அள்ளிவிட்டார்கள். கறிவேப்பிலைக்கு நிறம் கணக்கல்ல, சத்தம்தான் கணக்கு. எண்ணெயில் போட்டதும் படபடவென்று வெடிப்பதும் நுரைப்பதும் இலையிலுள்ள தண்ணீர் ஆவியாவதால். அந்தச் சலசலப்பு முழுதும் அடங்கினால்தான் தண்ணீர் போயிருக்கிறது. சேவுக்கும் இதே கணக்கு. அடங்குவதற்கு அரை நிமிடம் முன்னால் எடுத்தாலும் அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

நமுத்த பொரியை அவள் வெறும் சட்டியில் போட்டுச் சிறுதீயில் வறட்டினாள். ஐந்து நிமிடத்தில் மொறுமொறுப்பு திரும்பி வந்தது. அதே சட்டியில் சேவையும் போட்டாள். அதுவும் மொறுமொறுவென்று ஆயிற்று, ஆனால் கசப்பு அப்படியே இருந்தது. சூட்டில் வாடை இன்னும் தூக்கியடித்தது. ஒரே பையில் இரண்டு நோய் என்று அப்போதுதான் பிடிபட்டது. நமுத்தது ஈரத்தால், அது சட்டியில் தீரும். காறியது எண்ணெய்ப்பசை கெட்டதால், அதற்கு வைத்தியம் கிடையாது. பண்டம் கெட்டுப்போச்சு என்று ஒரே வார்த்தையில் சொல்லும்வரை இரண்டுமே பிடிபடாது.

முதல் நோய்க்குத் திராட்சையை நிறுத்தினாள். பொரித்தவற்றை மின்விசிறிக்கு அடியில் துணியில் பரப்பி, கையை உள்ளே விட்டால் கொஞ்சமும் சூடு தெரியாதபோது மட்டும் பையில் போட்டாள். வெதுவெதுப்பாகப் போட்டால் கவரின் உள்பக்கம் வேர்க்கும், அந்த வேர்வையைப் பொரிதான் குடிக்கும். புதுக் கெட்டிக் கவரில் இரண்டு கிலோ போட்டு வைத்தாள். மூன்று வாரம் ஆகியும் பொரி கடக்கென்று நின்றது. சேவு பத்தே நாளில் காறிவிட்டது.

கவர் மேல் பழி போட முடியாது இனி. எண்ணெயாக இருக்குமோ என்று பார்த்தாள். மூன்று நாளும் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சியது கல்யாண ஆர்டரில் நடந்த தப்புதான். ஆனால் இந்த இரண்டு கிலோவுக்குப் புது எண்ணெய்தான் ஊற்றியிருந்தாள். அதே செக்கு எண்ணெயில் பொரித்த குதிரைவாலித் தட்டை காறவில்லை. அவலும் காறவில்லை. கம்பு சேவு மட்டும்.

இந்தக் கட்டத்தில்தான் அப்பா வருகிறார். காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, மகள் நீட்டிய சேவை வாயில் போட்டவர் கேட்டது ஒரே கேள்வி.

"மாவு எப்ப திரிச்சது தாயி?"

அவள் கணக்குப் பார்த்தாள். ஆர்டர் வந்ததும், மில்லுக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாது என்று இருபத்தைந்து கிலோ கம்பை ஒரே தடவையில் திரித்துப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, தகரக்கூரைக்கு அடியில் வைத்திருந்தாள். பொரிக்கத் தொடங்கியபோது மாவுக்கு வயது இருபத்து நாலு நாள். அதுவும் சித்திரை வெயிலில். பிறகு போட்ட இரண்டு கிலோவும் அதே டிரம்மில் மிஞ்சிய மாவுதான்.

"கம்பு மாவ எவனாவது சேத்து வப்பானா? ஒங்க அப்பத்தாட்ட கேளு, கம்ப முழுசாத்தான் குதுருல போட்டு வைக்கும். கூழுக்கு வேணும்னா அன்னைக்கு இடிக்கும், அன்னைக்கே காய்ச்சும்."

"நீ ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் எழுதும்போது உறுத்துகிறது. அரிசி மாவையும் கடலை மாவையும் மாதக்கணக்கில் வைத்துப் பழகிய நமக்கு எல்லா மாவும் ஒன்று. கம்புக்கு அது பொருந்தாது.

காரணம் கம்பின் உடம்பில் இருக்கிறது. சின்ன மணிதான், ஆனால் அதன் முளைப்பகுதி மணியின் அளவுக்குப் பெரியது. எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. கேழ்வரகிலும் சோளத்திலும் நூறு கிராமுக்கு இரண்டு கிராமுக்குள் கொழுப்பு என்றால், கம்பில் ஐந்து கிராம். அந்த எண்ணெயைப் பிரித்துத் தின்னும் லைபேஸ் என்ற நொதியும் அதே மணியில் இருக்கிறது. விதை முளைக்கும்போது குருத்துக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு. மணி முழுசாக இருக்கும்வரை எண்ணெயும் நொதியும் அடுத்தடுத்த அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். மில்லில் போட்டதும் சுவர்கள் இடிந்து இரண்டும் கலந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக நறுக்கத் தொடங்குகிறது. அந்த அமிலங்களைக் காற்று பிடித்துக்கொள்ளும்போது வருவதுதான் சிக்கு வாடை. சூடு கூடினால் வேலை வேகமாக நடக்கும்.

எண்ணெயில் பொரிக்கும்போது நொதி செத்துப்போகுமே என்று நான் கேட்டேன். சாகும். ஆனால் அதற்குள் அது நறுக்கி வைத்தது எங்கே போகும்? சேவுக்குள்ளேயேதான் இருக்கும். ஒரு பகுதி வாணலி எண்ணெயில் இறங்கி, அந்த எண்ணெயையும் சீக்கிரம் புகையவைக்கும். முதல் நாள் ருசி பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சாத்தூர்ச் சேவுக்காரர்கள் மாதிரி பூண்டும் மிளகாயும் காயமும் தாராளமாகப் போட்டிருந்தாள். ஆரம்பக் கசப்பை மசாலா மறைத்துவிடும். நாள் ஆக ஆக மசாலா மணம் குறையும், காறல் ஏறும். ஒரு நாள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அந்த நாள் கல்யாணத்துக்கு அடுத்த வாரமாக அமைந்துவிட்டது.

நோய் தெரிந்த பிறகும் அவள் உடனே கடை விரிக்கவில்லை. ஒவ்வொரு கிலோவாக நாலு விதமாகச் சேவு போட்டாள். ஒன்று டிரம்மில் கிடந்த பழைய மாவு. இரண்டாவது, அன்று காலை திரித்து அன்று மாலைக்குள் பிழிந்தது. மூன்றாவது, கம்பை வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துத் திரித்தது. நாலாவது, கம்பைக் கழுவி, துணியில் கட்டி இட்லிப் பானையில் ஆவி வந்த பிறகு பத்து நிமிடம் வைத்து, வெயிலில் உலர்த்தித் திரித்தது. உலர்ந்ததற்கு அப்பா சொன்ன அடையாளம், பல்லில் வைத்துக் கடித்தால் மணி நசுங்கக் கூடாது, டக்கென்று உடைய வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு பை. மேலே மார்க்கர் பேனாவால் எண்ணும் தேதியும்.

பழைய மாவுச் சேவு அதே பத்து நாளில் காறியது. அன்றன்று திரித்தது ஒரு மாதம் நின்றது. வறுத்ததும் ஆவியில் வைத்ததும் நாற்பது நாள் தாண்டின. சூடு பட்டதும் நொதி முடங்கிவிடுவதுதான் விஷயம். மணி உடைவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டால், உடைத்த பிறகு நறுக்க ஆள் இல்லை. ஆய்வுக்கூடங்களில் கம்பைக் கொதிநீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். அதுவும் இதே வேலைதான்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. வறுத்த கம்பில் மணம் பிரமாதம், மாவுக்குப் பிடிமானம் இல்லை. அச்சில் பிழியும்போதே சேவு துண்டு துண்டாக விழுந்தது. ஆவிக் கம்பு மாவு தண்ணீரை அதிகம் கேட்டது, தண்ணீர் கூடினால் வேக நேரம் கூடும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். சாத்தூரில் நாற்பது வருஷமாகச் சேவு போடும் ஓர் அண்ணாச்சியிடம் போய் நின்றாள். அவர் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்பு ரெண்டு பங்குன்னா கடல மாவு ஒரு பங்கு போடும்மா. ஒரு கை பச்சரிசி மாவு. மாவுல காய்ச்சின எண்ணெய் ஊத்திப் பெசறி, அப்புறம் தண்ணி தெளி" என்று அனுப்பினார். ஆவிக் கம்புக்கு அது ஒத்துவந்தது. இப்போது அவள் போடுவது அதைத்தான். கவரில் "முழுக்க முழுக்கக் கம்பு" என்று போடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள். உட்பொருள் வரிசையில் கடலை மாவும் அரிசி மாவும் அச்சாகியிருக்கின்றன.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இன்னொன்று. கல்யாணப் பைகள் முந்நூறில் எவை முதல் நாள் பொரித்தவை, எவை மூன்றாம் நாள் எண்ணெயில் பொரித்தவை என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் ஒரே தேதி. காலாவதிக்கு "3 மாதம்" என்று போட்டிருந்தாள். அது எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கிய வேறொரு மிக்சர் பாக்கெட்டைப் பார்த்து எழுதியது. "அவங்க கவர் வேற, மாவு வேற, மெஷின் வேற. தேதிய மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்" என்றாள். இப்போது ஒவ்வொரு ஈடுக்கும் ஓர் எண். மாவு திரித்த நாள், எண்ணெய் மாற்றிய நாள், பொரித்தவர் யார் என்பது ஒரு நாற்பது பக்க நோட்டில். ஒவ்வோர் ஈட்டிலும் இரண்டு பை விற்பனைக்குப் போகாது. ஒன்று அறையில் ஆணியில் தொங்கும். இன்னொன்று தகரக்கூரைக்கு அடியில் பரண்மேல் கிடக்கும். பரண் சூட்டில் காறல் சீக்கிரம் வெளிப்படும் என்பதால், அறையில் தொங்குவது கெடுவதற்கு முன்பே அது தகவல் சொல்லிவிடும். நமுப்பதை மட்டும் பரணை நம்பிக் கணக்குப் போட முடியாது, வெயில் காலத்தில் அங்கே காற்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆணிப் பைதான் பேசும்.

இப்போது அவள் கவரில் போடும் கெடு முப்பது நாள். இது வியாபாரத்துக்கு இடைஞ்சலும்கூட. மதுரைக் கடை ஒன்று தொண்ணூறு நாள் போட்டுத் தந்தால் மாதம் நூறு கிலோ எடுக்கிறேன் என்றது. பைக்குள் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பும் இயந்திரம் வாங்கினால் நாள் கூடும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. கூடும்தான், காற்று இல்லாவிட்டால் காறல் தள்ளிப்போகும். ஆனால் ஏற்கெனவே நொதி நறுக்கிய மாவுக்கு நைட்ரஜன் என்ன செய்யும்? இயந்திரம் வாங்கும் அளவுக்கு இன்னும் வியாபாரம் இல்லை என்று கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாண ஆர்டர் மட்டும் எடுக்கிறாள், முகூர்த்தத்துக்கு மூன்று நாளுக்கு முன்னால் பொரிப்பதாக இருந்தால். திராட்சை கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தனிச் சிறு கவரில் மடித்து உள்ளே வைக்கிறாள்.

கிளம்பும்போது ஆணியில் தொங்கிய ஒரு பையை எடுத்தாள். அன்று அதற்கு நாற்பத்தோராம் நாள். வாயைக் கத்தரித்து என் கையில் நாலு சேவு போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது. பூண்டு மணம், மிளகாய்க் காரம், கம்புக்கே உரிய அந்த மண்வாசம். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"முழுங்கிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கக்கா. தண்ணி குடிக்காதீங்க."

இருந்தேன். காரம் அடங்கியது. அதற்குப் பிறகு, அடித்தொண்டையில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு கசப்பு.

"தொடங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து 41 என்று எழுதினாள்.